முருகன் திருவுருவங்களை அடையாளம் காணுதல்

கோயில் சிற்பத்திலோ ஓவியத்திலோ உள்ள தெய்வம் எது என்பதை அதன் ஊர்தி, ஆயுதம், கைமுத்திரை, முடி, அணி, இருக்கும் இடம் ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்வது படிமக்கலையின் முதல் பாடம். தமிழ்நாட்டில் இந்தப் பாடத்திற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு முருகன். எல்லோருக்கும் தெரிந்த கடவுள். ஆனால் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கற்சிற்பத்தில் அவரைக் காணும்போது பலர் பிரம்மா என்றோ இந்திரன் என்றோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவர். இன்று நாம் முருகனுக்கு உரியவை என்று நினைக்கும் அடையாளங்கள் பழைய சிற்பங்களில் பெரும்பாலும் இல்லாமல் இருப்பதே இதற்குக் காரணம்.

நாட்காட்டி முருகன்

இன்றைய தமிழர் மனத்தில் உள்ள முருகன் உருவம் பெரிதும் அச்சுப்படங்கள் வழியே வந்தது. இரவிவர்மாவின் அச்சகம் 1894-இல் மும்பையில் தொடங்கியது. அங்கிருந்து வெளிவந்த வண்ண அச்சுப்படங்களில் வள்ளி தெய்வானையுடன் மயில்மேல் அமர்ந்த சண்முகர் படமும் ஒன்று. பின்னர் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசி நாட்காட்டிகளாக வீடுதோறும் சென்றன. கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்தவர். அவர் மரபில் வந்த படங்களில் காணப்படும் பின்னணித் திரை போன்ற மலையும் அருவியும், மேடை அரசனுக்குரிய உயரமான முடியும் அந்த அனுபவத்தை நினைவூட்டுகின்றன.

இப்படங்களில் முருகனை அறிவதில் சிரமமே இல்லை. தோகை விரித்த மயில், தோளில் சாய்ந்த நீண்ட வேல், வலக்கையில் அஞ்சாதே என்னும் அபய முத்திரை, நெற்றியில் திருநீறு, பின்னால் சேவற்கொடி. ஓவியர் ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. வாங்குபவர் கடையில் நின்று ஒரு நொடியில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் அடையாளங்கள் அனைத்தும் ஒரே படத்தில் குவிக்கப்பட்டன.

பழைய சிற்பி அப்படிச் செய்யவில்லை. அவர் தேர்ந்தெடுத்த கோலத்திற்கு வேண்டியதை மட்டும் செதுக்கினார். சோமாஸ்கந்தர் சிற்பத்தை இதற்குச் சொல்லலாம். பல்லவர் கோயில்களில், குறிப்பாக இராசசிம்மன் காலத்தில், கருவறைப் பின்சுவரில் சிவனும் உமையும் அமர்ந்திருக்க, இடையில் ஒரு குழந்தை இருக்கும். குழந்தையிடம் வேலும் இல்லை, மயிலும் இல்லை. இருவருக்கும் நடுவே இருக்கும் அந்த இடம் ஒன்றே அது கந்தன் என்பதற்குப் போதுமான சான்று.

மயிலைக் கண்டவுடன் முடிவு செய்யலாமா

மயில் தமிழகத்தில் முருகனுக்குப் புதிதன்று. சங்க நூல்களிலேயே உண்டு. வடநாட்டில் ஐந்தாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் குமாரகுப்தன் தன் பொற்காசு ஒன்றில் மயில்மேல் அமர்ந்த கார்த்திகேயனைப் பொறித்தான். எனவே மயிலோடு ஓர் ஆண் தெய்வம் இருந்தால் முருகன் என்று பெரும்பாலும் துணியலாம்.

பெண் தெய்வமாக இருந்தால்தான் தயங்க வேண்டும். ஏழு தாய்மார் வரிசையில் உள்ள கௌமாரி முருகனின் ஆற்றல். அவளுக்கும் மயிலும் வேலும் உண்டு. இரவிவர்மா மரபில் வந்த கலைமகள் படங்களிலும் பக்கத்தில் மயில் நிற்கும். அங்கே கையிலுள்ள வீணையைப் பார்த்தால் ஐயம் நீங்கும். ஏழு தாய்மார் சிற்பங்களில் ஊர்தியைப் பீடத்தில் சிறிதாகச் செதுக்கியிருப்பார்கள். முகம் தேய்ந்திருந்தாலும், குனிந்து பீடத்தைப் பார்த்தால் மயில் கௌமாரியையும் யானை இந்திராணியையும் காட்டிக்கொடுக்கும்.

யானைமேல் இருப்பவர் யார்

உண்மையான சிக்கல் யானையில்தான் இருக்கிறது. முருகனின் ஊர்தியாகிய யானைக்குப் பிணிமுகம் என்ற பெயர் திருமுருகாற்றுப்படையில் வருகிறது. திருத்தணியிலும் சுவாமிமலையிலும் கருவறைக்கு எதிரே மயில் இருக்க வேண்டிய இடத்தில் இன்றும் யானையே இருக்கிறது. தெய்வானையை மணந்தபோது இந்திரன் ஐராவதத்தைச் சீராகக் கொடுத்தான் என்று தலபுராணம் இதற்குக் காரணம் சொல்லும்.

ஆனால் யானை முருகனுக்கு மட்டும் உரியதன்று. இந்திரன் யானைமேல் வருகிறான். ஐயனாருக்கும் யானை ஊர்தி உண்டு. போதாததற்குப் பழைய நிகண்டுகள் ஐயனாருக்குக் கோழிக்கொடியையும் சொல்கின்றன. ஆகவே சேவலைக் கொண்டும் அவசரப்பட முடியாது. தஞ்சைப் பெரிய கோயில் சோழர் ஓவியத்தில் வெள்ளை யானைமேல் செல்பவர் கடவுளே அல்லர். கயிலைக்குப் போகும் சுந்தரர். கூடவே குதிரைமேல் செல்லும் சேரமான் பெருமாளைக் கண்டால்தான் கதை புரியும்.

ஊர்தியை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு எல்லோராவின் 32-ஆம் குகை சான்று. அது சமணக் குகை. ஆயினும் அதற்கு இந்திர சபை என்ற பெயர் நிலைத்துவிட்டது. உள்ளே மரத்தடியில் யானைமேல் அமர்ந்த பெரிய சிற்பத்தைக் கண்டவர்கள் இந்திரன் என்று கொண்டார்கள். எதிரே சிங்கத்தின்மேல் அமர்ந்த பெண்ணை இந்திராணி என்றார்கள். இந்திராணிக்கு ஏது சிங்கம்? அந்தப் பெண்ணின் தலைக்குமேல் மாமரமும் மடியில் குழந்தையும் உள்ளன. இவை சமணரின் அம்பிகை இயக்கிக்கு உரியவை. அம்பிகை என்று தெளிந்தபின், அவளுக்கு இணையாக யானைமேல் இருப்பவர் இந்திரன் அல்லர், சமண இயக்கர் என்பதும் தெளிந்தது. ஒரு சிற்பத்தின் விடை சில நேரம் அதன் எதிரே இருக்கும் சிற்பத்தில் கிடைக்கிறது.

தமிழகக் கோயிலில் யானைமேல் இருப்பவரைக் கண்டால் முதலில் ஐயனாரைப் பிரித்துவிடுவது எளிது. ஐயனாரின் தலைமயிர் முடிக்குள் அடங்காமல் தலையைச் சுற்றி வட்டமாக விரிந்திருக்கும். கையில் செண்டு என்னும் வளைந்த கோல் இருக்கும். அமர்ந்த கோலத்தில் ஒரு காலைத் தொங்கவிட்டு மறுகாலை மடித்து நிறுத்தி, அந்த முழங்காலின்மேல் கையை நீட்டியிருப்பார். பல சிற்பங்களில் யோகப்பட்டம் என்னும் துணிப்பட்டை மடித்த காலை உடலோடு சேர்த்துக் கட்டியிருக்கும். பூரணை, புட்கலை என்ற தேவியர் இருபுறமும் இருந்தால் மேலும் ஐயமில்லை. யானைப்பாகன் வைத்திருக்கும் அங்குசத்தைச் செண்டு என்று நினைத்துவிடக் கூடாது; அங்குசத்தில் வளைந்த கொக்கியோடு நேரான கூர்முனையும் இருக்கும்.

இந்திரனையும் முருகனையும் பிரிப்பது அவ்வளவு எளிதன்று. இந்திரனின் ஆயுதம் வச்சிரம் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஆனால் தேவர் படைக்குத் தலைவனான முருகனுக்கும் வச்சிரம் உண்டு. சோழர் கால நின்ற கோல முருகன் சிற்பங்களில் மேற்கைகள் இரண்டில் ஒன்றில் சக்தியும் மற்றொன்றில் வச்சிரமும் இருப்பதே பொது வழக்கம். சக்தி என்பதுதான் வேல். ஆனால் நாட்காட்டியில் காணும் ஆளுயர வேல் அன்று. விரல்களுக்கிடையே நிற்கும் சாண் அளவுச் சின்னம். நுனி இலைபோல் இருக்கும். வச்சிரம் நடுவில் இடுங்கி, இரு முனையிலும் மூன்று கூர்களாகப் பிரியும். கல் தேய்ந்தபின் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வச்சிரம் மட்டும் இருந்தால் இந்திரன் எனலாம். வச்சிரத்தோடு சக்தியும் இருந்தால் முருகன்.

முடியும் மார்பும்

ஆயுதம் உடைந்து போனாலும் முடி பெரும்பாலும் தப்பிவிடுகிறது. கையைப் போல உடலைவிட்டுத் தனியே நீட்டிக்கொண்டிருக்காத பகுதி அது. சிற்பநூல்கள் பல முடிகளைச் சொன்னாலும் மூன்றைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலான இடங்களில் போதும். கிரீட மகுடம் நீண்டு உயர்ந்த உருளை வடிவம். அது திருமாலுக்கும், அரசனாகிய இந்திரனுக்கும் உரியது. சடாமகுடம் சடையையே அள்ளி உயர்த்திக் கட்டியது. சிவனுக்கும் பிரம்மாவுக்கும் உரியது. கரண்ட மகுடம் என்பது பெரிய பானையின்மேல் அடுத்தடுத்துச் சிறிய பானைகளைக் கவிழ்த்து அடுக்கியதுபோல மேலே போகப்போகக் குறுகுவது. முருகன், பிள்ளையார், தேவியர் ஆகியோர் இதை அணிவர்.

ஆகவே யானைமேல் இருப்பவர் தலையில் உருளை முடி இருந்தால் இந்திரன் பக்கமும், அடுக்குமுடி இருந்தால் முருகன் பக்கமும் சாயலாம். முடியின் அடியைச் சுற்றிப் பூமாலை கட்டியதுபோன்ற வளையம் இருந்தால் முருகன் என்பதற்கு அது மேலும் வலுச் சேர்க்கும். சோழர் காலத்து முருகனிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். நாட்காட்டி ஓவியங்கள் இந்த வேறுபாட்டைக் கைவிட்டுவிட்டன. அங்கே முருகனுக்கும் திருமாலுக்கும் ஒரே வகை நாடக முடிதான். எனவே படத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முடி ஓர் அடையாளமாகவே தோன்றுவதில்லை.

மார்பையும் பார்க்க வேண்டும். பூணூல் இடத்தோளிலிருந்து வல இடுப்புக்குச் செல்வது. சன்னவீரம் என்பது வேறு. இரு தோள்களிலிருந்தும் இரண்டு வடங்கள் இறங்கி, மார்பின் நடுவே ஒன்றையொன்று வெட்டி, இடுப்பின் இருபுறமும் சென்று முதுகில் சேரும். வெட்டும் இடத்தில் ஒரு வட்டப் பதக்கம் இருக்கலாம். இது போர்வீரனின் அணி. முருகன் சிற்பங்களில் இது முக்கியமான அடையாளம் என்றாலும், தேவியர் சிலரும் அணிவதால் தனியே முடிவு சொல்லாது.

மாமல்லபுரத்தில் ஒரு பாடம்

மேலே சொன்னவற்றைப் பொருத்திப் பார்க்கச் சிறந்த இடம் மாமல்லபுரத்து மும்மூர்த்தி குகை. மேற்குப் பார்த்த இக்குடைவரையில் வரிசையாக மூன்று கருவறைகள் உள்ளன. நடுவில் சிவன்; தெற்கே திருமால்; அதற்கப்பால் வெளிச்சுவரில் எருமைத் தலைமேல் நிற்கும் கொற்றவை. வடக்குக் கருவறையில் நான்கு கைகளுடன் ஒருவர் நிற்கிறார். கையில் செபமாலை இருக்கிறது.

சிவன், திருமால் என்று இருவர் வந்தால் மூன்றாமவர் பிரம்மா என்று கொள்வது இயல்பு. குகைக்கு வைத்த பெயரே அப்படிக் கொள்ளச் சொல்கிறது. பல்லவர் நாட்டில் அதற்கு முன்மாதிரியும் உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டுக் குடைவரை பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் எடுக்கப்பட்டது என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. செபமாலையோ பிரம்மாவுக்கு உரிய பொருள்.

ஆனால் முகத்தைப் பார்த்தால் இக்கருத்து நிற்காது. பிரம்மாவுக்கு நான்கு முகம். சுவரோடு ஒட்டிய சிற்பத்தில் பின்முகம் மறைந்துவிடும் என்பதால் மூன்று முகங்களாவது தெரியும். பல்லவர் சிற்பிகள் இதைத் தவறாமல் காட்டினார்கள். வடக்குக் கருவறையில் நிற்பவருக்கு ஒரே முகம். பக்க முகங்கள் உடைந்து விழுந்த தடமும் இல்லை. அடுத்து, மார்பில் குறுக்காகச் செல்லும் சன்னவீரம். படைப்புத் தொழில் செய்யும் பிரம்மாவுக்குப் போர்வீரன் அணி எதற்கு?

ஒரே முகம், வீரனின் அணி, பிரம்மாவின் செபமாலை. இம்மூன்றும் ஒன்றுசேரும் கோலம் முருகனுக்கு உண்டு. பிரணவத்தின் பொருள் தெரியாமல் விழித்த பிரம்மாவை முருகன் சிறையிலிட்டு, படைப்புத் தொழிலைத் தானே ஏற்றார் என்பது கதை. அப்போது பிரம்மாவின் செபமாலையும் கமண்டலமும் அவர் கைக்கு வந்தன. இக்கோலத்தைப் பிரம்ம சாஸ்தா என்பர். பல்லவர் குடைவரைகளை விரிவாக ஆராய்ந்த கே. ஆர். சீனிவாசன் இச்சிற்பத்தைப் பிரம்ம சாஸ்தா என்றே கொண்டார். இன்று பெரும்பாலோர் ஏற்பதும் அதுவே. தொண்டை நாட்டிலும் சோழ நாட்டிலும் உள்ள பழைய முருகன் சிற்பங்கள் பலவற்றில் வேலுக்குப் பதில் செபமாலை இருப்பது இக்கோலத்தால்தான். வேலைத் தேடிப் போகிறவர் அவற்றை முனிவர் என்றோ பிரம்மா என்றோ எண்ணித் திரும்பிவிடுவார்.

இருக்கும் இடமும் இங்கே உதவும். சோழர் காலச் சிவன் கோயிலில் கருவறை வடக்குச் சுவர் மாடத்தில் செபமாலையோடு பல முகங்கள் கொண்டவர் நின்றால் பிரம்மா. அது அவருக்கு உரிய இடம். முருகனுக்கு உரிய தனிச் சிற்றாலயம் கருவறைக்குப் பின்னே மேற்குப் புறத்தில் இருக்கும். ஆனால் பழுதுபட்ட சிற்றாலயங்களிலிருந்து சிலைகளை எடுத்துவந்து சுற்றுப்பிராகாரத்தில் வரிசையாக நிறுத்திவிடுவது பல ஊர்களில் நடந்திருக்கிறது. பீடமும் சிலையும் ஒரே கல்லா, நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பின்பே இடத்தைச் சான்றாகக் கொள்ள வேண்டும்.

கண்ணை ஏமாற்றுபவை

வழிபாட்டில் உள்ள சிலையை இம்முறையில் ஆராய்வது கடினம். அலங்காரத்தில் பட்டாடை மார்பை மூடிவிடும். வெள்ளிக் கவசம் முடியையும் கைகளையும் மறைக்கும். பக்கத்தில் சாத்தியிருக்கும் வெள்ளி வேல் தனியே செய்து வைத்தது. சிலையின் காலத்தைச் சேர்ந்ததன்று. பழனியில் மூலவர் கோவணமும் தண்டும் கொண்ட ஆண்டிக் கோலம். ஆனால் இராச அலங்காரத்தில் மட்டும் பார்த்தவருக்கு முடிசூடிய அரசனே தெரிவார். திருமுழுக்கு நேரத்தில்தான் கல் சொல்வதைக் கேட்க முடியும்.

விமானத்துச் சுதை உருவங்களில் சிக்கல் இன்னும் கூடுதல். சிவன் கோயில் விமானத்தின் கழுத்துப் பகுதியில் தெற்கே தென்முகக் கடவுள், மேற்கே திருமால், வடக்கே பிரம்மா என்பது பொது அமைப்பு. கிழக்கே மட்டும் இந்திரனோ முருகனோ வரலாம். இருவரும் யானையோடு வரலாம். அங்கேதான் முடியைப் பார்க்க வேண்டும். ஆனால் சுதை ஒவ்வொரு குடமுழுக்கிலும் பழுது பார்க்கப்பட்டு வண்ணம் பூசப்படுவது. பழைய முடி உதிர்ந்திருந்தால் பூசுபவர் தமக்குப் பழக்கமான முடியை வைப்பார். கை ஒடிந்திருந்தால் புதுக்கையில் வேலைக் கொடுப்பார். இதில் அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் வீட்டுச் சுவரிலும் நாட்காட்டிதான் தொங்குகிறது. சுதையில் உள்ள அடையாளத்தைவிட, சுண்ணாம்பு படாத கல் பகுதியில் உள்ள அடையாளத்திற்கே முதல் மதிப்புக் கொடுக்க வேண்டும்.

தீராத ஒரு வழக்கு

எல்லா அடையாளங்களையும் பொருத்தியும் முடிவு கிட்டாத சிற்பங்கள் உண்டு. மாமல்லபுரத்து ஐந்து இரதங்களில் அருச்சுன இரதம் எனப்படுவது ஒன்று. பாண்டவர் பெயர்கள் பிற்கால மக்கள் வழக்கு. இரதத்திற்கும் அருச்சுனனுக்கும் தொடர்பில்லை. மேற்குப் பார்த்த இந்தக் கோயிலின் தெற்குச் சுவரில் காளைமேல் சாய்ந்து நிற்கும் சிவனும், வடக்குச் சுவரில் கருடனோடு திருமாலும் உள்ளனர். காளையும் கருடனும் உடனிருப்பதால் இவர்களைப் பற்றி வழக்கில்லை. பின்புறக் கிழக்குச் சுவரில் யானைமேல் ஒருவர் அமர்ந்திருக்கிறார். இவரை ஆய்வாளர் சிலர் இந்திரன் என்கின்றனர்; சிலர் முருகன் என்கின்றனர்; ஐயனார் என்போரும் உண்டு.

இந்திரன் என்போர் திசையைக் காட்டுவர். கிழக்குத் திசைக்குக் காவலன் அவனே. முருகன் என்போருக்கும் அதே திசை உதவுகிறது. கிழக்கு அவருக்கும் ஒதுக்கப்பட்ட இடம்தான். சிவன், திருமால் ஆகியோருக்கு இணையாகச் சுவரின் நடுவே பெரிதாகச் செதுக்கத் தக்கவர் திசைக்காவலனைவிட முருகனே என்றும் கூறலாம். அருகிலேயே மும்மூர்த்தி குகையில் சிவன், திருமால், முருகன் மூவரும் ஒன்றாக நிற்பது இக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. எதிராகவும் சொல்லலாம். குகையில் சிற்பி சன்னவீரத்தையும் செபமாலையையும் காட்டி இன்னார் என்று உறுதி செய்தார். இரதத்திலோ ஊர்தியைத் தவிர வழக்கைத் தீர்க்கும் சின்னம் எதையும் எல்லோரும் ஒப்பும்படி காட்டவில்லை. இரதங்கள் முழுமை பெறாமல் விடப்பட்டவை. அவற்றில் வழிபாடு தொடங்கவே இல்லை. ஆகவே கோயில் வழக்காறோ தலபுராணமோ சாட்சி சொல்ல வரப்போவதில்லை. இச்சிற்பத்தின் கீழ்ப் பெயர் எழுதுவோர் மூன்று பெயர்களையும் எழுதி, தாம் எதை ஏற்கிறோம் என்பதையும் அதற்கான காரணத்தையும் சேர்த்துச் சொல்வதே முறை.